ஆடுவதற்கு முன் தரையைத் தொடுவது

நான் நாட்டியத்துக்குப் பாடுகிறவள். வீடு தண்டையார்பேட்டையில். ராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று வடசென்னையில் பரதநாட்டியம் சொல்லித்தரும் டீச்சர்கள் கூப்பிட்டால் போய்ப் பாடிவிட்டு வருவேன். அம்மன் கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, கல்யாண மண்டபத்தில் அரங்கேற்றம் எல்லாம் அதில் உண்டு. மேடை ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்க முடியாத சில விஷயங்கள் கண்ணில் படும். ஆடப்போகிற பெண் மேடையையும் குருவையும் எங்களையும் எப்படிக் கும்பிடுகிறாள் என்பது அதில் ஒன்று. அந்தக் கும்பிடு மரியாதையோடு சேர்த்து வேறு சில வேலைகளையும் செய்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சபை பார்க்கிற கும்பிடு வேறு, நான் சொல்கிற கும்பிடு வேறு. இப்போது பெரும்பாலான நிகழ்ச்சிகள் புஷ்பாஞ்சலியோடு தொடங்குகின்றன. கையில் பூவோடு வந்து, எட்டுத் திசைக்கும் வணங்கி, குருவுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் சபைக்கும் வணங்குவது ஒரு உருப்படியாகவே ஆகிவிட்டது. தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்திய மார்க்கம் என்ற கச்சேரி வரிசையில் அலாரிப்பு என்ற உருப்படிதான் முதலில் வரும். தலைக்கு மேல் கூப்பிய கையோடு அது ஆரம்பிப்பதே ஒரு வணக்கம்தான். 1975-ல் தமிழிசைச் சங்க மாநாட்டில் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி பேசியபோது, கச்சேரியைக் கோயிலாகவும் அலாரிப்பை அதன் கோபுரமாகவும் சொன்னார். இவையெல்லாம் தாளத்துக்குள் அடங்கிய, ஆடிக் காட்டுகிற வணக்கங்கள். நான் சொல்வது அதற்கு முன்னால், திரை திறப்பதற்குள், மைக்செட்காரர் ஒயரை இழுத்துக்கொண்டிருக்கும்போது நடப்பது.

வகுப்பில் சேர்ந்த முதல் நாளே பிள்ளைகள் கற்றுக்கொள்வது தட்டிக்கும்பிடுதல். பாணிக்குப் பாணி, டீச்சருக்கு டீச்சர் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். பொதுவாக இப்படி: பாதங்களைச் சேர்த்து நேராக நின்று, வலது காலில் ஒரு தட்டு, இடது காலில் ஒரு தட்டு. மார்புக்கு முன்னால் இருக்கும் கைகள் பக்கவாட்டில் விரிந்து வட்டமாகச் சுற்றி வருவதற்குள் உடம்பு இறங்கி முழுமண்டியில் உட்காரும். விரல்கள் தரையைத் தொடும், தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பிறகு எழுந்து கை கூப்புவது: தலைக்கு மேல் தெய்வத்துக்கு, முகத்துக்கு நேரே குருவுக்கு, மார்புக்கு நேரே சபைக்கு. இந்த மூன்று உயரமும் அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலில், கை கூப்பும் அஞ்சலி ஹஸ்தத்துக்குச் சொன்னவை. அந்த நூலில் மூன்றாவது அந்தணர்க்கு என்று இருக்கிறது. இன்று வகுப்புகளில் அதைச் சபைக்கு என்று சொல்லித்தருகிறார்கள். அதுதான் சரி என்பது என் எண்ணம். எங்கள் பக்கத்துத் தெருவில் மேடை போட்டால் எதிரில் பூக்காரம்மா இருப்பார், மீன் ஏலம் முடித்துவிட்டு வந்த அண்ணன்கள் இருப்பார்கள், அவர்கள் மடியில் பிள்ளைகள் இருக்கும். அத்தனை பேருக்குமான கும்பிடு அது.

இதோடு பூமிதேவியை நோக்கி ஒரு சுலோகமும் சொல்வார்கள். கடலை உடுத்தியவளே, நான் ஆடப்போகிறேன், என் கால் அடிப்பதைப் பொறுத்துக்கொள் என்பது அதன் சாரம். ராயபுரத்தில் ஒரு டீச்சரிடம் கிறிஸ்தவப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். சேர்க்க வந்த ஒரு அம்மா, "டீச்சர், பாப்பா அந்த சுலோகம் சொல்லணுமா?" என்று தயங்கிக் கேட்டார். டீச்சர், "வேணாம்மா. தட்டி, தரையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கட்டும். மனசுக்குள்ள என்ன சொல்றாளோ அது அவளோடது" என்றார். சொல்லை விட்டுக்கொடுத்தவர் தட்டையும் தொடுதலையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்குப் புரிந்தது காசிமேடு பக்கம் நடந்த ஒரு ஆடி மாத நிகழ்ச்சியில்.

அம்மன் கோயில் தெருவையே அடைத்து மேடை போட்டிருந்தார்கள். இரும்புச் சட்டம், அதன்மேல் பிளைவுட் பலகைகள், அதன்மேல் சிவப்புக் கார்பெட். வடசென்னைத் திருவிழா மேடை பெரும்பாலும் இப்படித்தான். மெல்லிசைக் கச்சேரிக்கும் பட்டிமன்றத்துக்கும் அது தாராளமாகத் தாங்கும். பரதநாட்டியத்தில் கதை வேறு. ஒரே இடத்தில் நின்று, முழு எடையையும் ஒரு பாதத்தில் இறக்கி, திரும்பத் திரும்ப அடிக்கிற ஆட்டம் இது. அன்றைக்கு வர்ணம் ஆடவேண்டிய பெண்ணுக்குப் பதினாலு வயது இருக்கும். அலங்காரம் முடிந்து, சலங்கை இன்னும் கட்டாமல், மேடைக்கு வந்து நடுவில் நின்று தட்டினாள். வலது தட்டு 'டப்' என்று அடைத்துக் கேட்டது. இடது தட்டு 'தொம்' என்று உள்ளே இறங்கிக் கேட்டது. உட்கார்ந்து தரையைத் தொட்டவள், எழுந்து அரையடி தள்ளிப்போய் மறுபடி இடது காலால் மட்டும் தட்டிப் பார்த்தாள். அதே சத்தம்.

நேராக டீச்சரிடம் வந்தாள். அவர் கைத்தாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குனிந்து தாளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே, "டீச்சர், நடுவுல லெஃப்ட் பக்கம் பலகை உள்ள போவுது" என்றாள். "எவ்ளோ இடம்?" "ஒரு முழம் இருக்கும்." டீச்சர் பந்தல்காரரைக் கூப்பிட்டார். அவர் முதலில், "அம்பது பேர் ஏறினாலும் ஒண்ணும் ஆவாதும்மா" என்றார். கார்பெட்டைச் சுருட்டிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. இரண்டு பலகைகள் சேருகிற விளிம்பு இரும்புச் சட்டத்தின்மேல் உட்காராமல், நாலு விரல் தள்ளி அந்தரத்தில் நின்றது. அடியில் ரீப்பர் கட்டை ஒன்றைக் குறுக்கே கொடுத்து ஆணி அடித்தார். ஆணித் தலை வெளியே துருத்தாமல் அடித்து இறக்கச் சொன்னார் டீச்சர். கார்பெட்டை இழுத்து விரித்து ஓரங்களில் டேப் ஒட்டினார்கள். அந்தப் பெண் மறுபடி நடுவில் நின்று தட்டினாள். இரண்டு காலும் ஒரே சத்தம். அப்புறம்தான் கும்பிட்டு முடித்தாள்.

அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வர்ணத்தின் தொடக்கத்தில் வருவது திரிகாலத் தீர்மானம். மூன்று காலத்திலும் ஜதி ஓடி, முத்தாய்ப்பு விழுகிற இடம் பெரும்பாலும் மேடையின் நடு. பார்வை நேரே இருக்கும், மனசு கணக்கில் இருக்கும், கால் நம்பி இறங்கும். அந்த நேரத்தில் பலகை ஒரு விரல்கடை அமுங்கினாலும் கணுக்கால் பிசகும். பிசகாவிட்டாலும், ஒரு தடவை அமுங்கிய இடத்தை மறுபடி மிதிக்கக் கால் பயப்படும். அதற்குப் பிறகு வரும் அடவுகளில் இடது தட்டு மட்டும் மெலிந்துபோகும். எதிரே இருப்பவர்கள் பிள்ளைக்குப் பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதனால்தான் மேடையைக் கும்பிடுவது சலங்கை கட்டுவதற்கு முன்னால் நடக்க வேண்டும் என்று அந்த டீச்சர் பிடிவாதமாக இருக்கிறார். சலங்கை கட்டிவிட்டால் மணிச் சத்தத்தில் பலகை சொல்வது காதில் விழாது. நடுவில் மட்டும் கும்பிட்டால் போதாது, நாலு மூலைக்கும் போய் ஒவ்வொரு தட்டு தட்டிவிட்டு வா என்றும் சொல்லியிருக்கிறார். தரையைத் தொடுகிற விரலுக்கும் வேலை இருக்கிறது. விளக்கிலிருந்து சிந்திய எண்ணெய், நசுங்கிய பூ, டேப் விட்ட இடத்தில் கார்பெட் மடிப்பு, இவையெல்லாம் மேடை விளக்கில் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். சிமெண்ட் தரையிலோ கோயில் கருங்கல்லிலோ ஆடுவதாக இருந்தால் பிரச்சினை நேர்மாறு. அங்கே தட்டினால் சத்தமே எழும்பாது, அடி முழுவதும் முழங்காலுக்கும் முன்னங்கால் எலும்புக்கும் திரும்பி வரும். அந்த மாதிரி இடத்தில் பிள்ளைகள் சத்தம் வரவில்லையே என்று இன்னும் ஓங்கி மிதிப்பார்கள். தட்டிப் பார்த்த உடனேயே டீச்சர், "இங்க சத்தத்துக்கு ஆசைப்படாத" என்று எச்சரித்துவிடுவார்.

உட்கார்ந்து எழுவதிலும் ஒரு சோதனை இருக்கிறது. முழுமண்டியில் குதிகால் உயர்ந்து, விரல் நுனியில் எடை நின்று, முழங்கால் இரண்டு பக்கமும் விரிந்திருக்க வேண்டும். தரையைத் தொடுகிற கை லேசாகத் தொட்டுவிட்டு மேலே வந்தால் சரி. உள்ளங்கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால், இடுப்பும் கணுக்காலும் இன்னும் சூடாகவில்லை. அலாரிப்பில் மண்டிக்குப் போகும்போது அந்தப் பெண் தள்ளாடுவாள் என்பது எனக்கே இப்போது தெரிகிறது. டீச்சர் அப்படிப் பார்த்துவிட்டால், "உள்ள போய் பத்து நிமிஷம் அரைமண்டியில தட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்புவார்.

மேடை ஏறும்போது வலது காலை முன்வைப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவி "வலக்கால் முன் மிதித்து ஏறி" அரங்கத்தின் வலத்தூண் பக்கம் போய் நிற்கிறாள். முன்பே ஆடி மூத்த தோரிய மடந்தையர் இடத்தூண் பக்கம் நிற்கிறார்கள். கருவி இசைக்கும் குயிலுவ மாக்கள் முறைப்படி நிற்கிறார்கள். யார் எங்கே நிற்பது என்று தீர்மானித்த பிறகே ஆட்டம் தொடங்குகிறது. ஆடலில் சிறந்தவர்களுக்கு அன்று கிடைத்த தலைக்கோல் பட்டத்தைத் தாங்கிய ஒரு பெண், சோழ அரசன் முன்னால் ஆடியதைச் சொல்லும் கல்வெட்டு எங்கள் திருவொற்றியூர்க் கோயிலிலேயே இருக்கிறது. அங்கே மாசித் திருவிழாவுக்குப் போகும் நாட்டியப் பிள்ளைகளிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

குருவைக் கும்பிடுவது இரண்டு கட்டமாக நடக்கிறது. விழுந்து நமஸ்கரிப்பது உடை போடுவதற்கு முன்னால், வீட்டிலோ ஒப்பனை அறையிலோ. தைத்த உடையின் விசிறி, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, ராக்கொடி, பின்னலோடு சேர்த்துக் குத்திய ஊசிகள் எல்லாம் ஏறிய பிறகு குப்புற விழுந்தால் ஒன்று தலைசாமான் நகரும், அல்லது விசிறியின் மடிப்பு கசங்கும். இடுப்பை வளைத்துக் குனிந்தாலே சூரியப்பிறை கழன்று விழுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் மேடையில் முதுகை நேராக வைத்து மண்டியில் இறங்கித் தொடுவதுதான் முறை. வகுப்பில் தாளம் தட்டும் தட்டுமனையையும் தட்டுக்கழியையும் தொட்டுக் கும்பிடுகிற பிள்ளை, மேடையில் குருவின் கையிலிருக்கும் தாளத்தைத் தொடுகிறது. குரு சலங்கையைக் கொடுக்கிறார். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிறகு கட்டிக்கொள்வாள். சலங்கை மணிகள் வெண்கலத்தில் இருக்க வேண்டும், நீல நூலில் முடிந்திருக்க வேண்டும், காலுக்கு நூறோ இருநூறோ என்று அபிநய தர்ப்பணம் சொல்கிறது. இன்று தோல்பட்டையில் வரிசையாகத் தைத்து வருகிறது. ஒரு மணி தளர்ந்திருந்தால் கொடுக்கும்போதே குருவின் கைக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் நாங்கள். எங்களைக் கும்பிடுவதில்தான் அவசரம் அதிகம் என்பது என் மனக்குறை. அரங்கேற்றங்களில் புகைப்படக்காரர் நிற்கச் சொல்லும் இடத்தில் குருவுக்கு மட்டும் நிதானமாகக் கும்பிட்டுவிட்டு, மிருதங்கத்துக்கும் புல்லாங்குழலுக்கும் நடந்துகொண்டே கை காட்டிவிட்டுப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அது பிள்ளைகளின் தப்பு இல்லை. யாரும் அவர்களுக்கு நேரம் ஒதுக்கித் தருவதில்லை.

முன்பு சின்னமேளம் என்ற சதிர்க் குழுவில் நட்டுவனாரும் இசைக்காரர்களும் ஆடுகிறவளின் பின்னால் நின்றார்கள். மிருதங்கத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவள் முன்னே போனால் முன்னே, பின்னே வந்தால் பின்னே நகர்ந்தார்கள். ருக்மிணி தேவி 1935-ல் மேடை ஏறிய பிறகு செய்த மாற்றங்களில், இசைக்காரர்களை மேடையின் ஒரு பக்கத்தில் உட்காரவைத்ததும் ஒன்று. இன்று எல்லா ஊரிலும் அப்படித்தான். இதில் ஆடுகிறவளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தூரம் வந்துவிட்டது. அவள் எதிரே பார்த்து ஆடுகிறாள், நாங்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். ஆட்டம் தொடங்கிவிட்டால் முகத்துக்கு முகம் பார்ப்பது அபூர்வம். கிட்டே வந்து முகம் பார்ப்பது இந்தக் கும்பிடும்போது மட்டும்தான்.

அதற்கு நேரம் பார்த்து வரவேண்டும். மிருதங்கக்காரர் என் சுருதிக்கு வலது முகமான வலந்தலையைக் கல்லும் கட்டையும் வைத்துத் தட்டிச் சேர்ப்பார், இடது முகமான தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவார். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் எங்கள் ஏரியாவில் தோல் சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் கடைசி நிமிஷம்வரை இந்த வேலை ஓடும். அந்த நடுவில் வந்து குனிந்தால் அவர் கையை எடுக்க வேண்டியிருக்கும். சுருதி சேர்ந்து, அவர் ஒரு தடவை மீட்டிப் பார்த்து நிமிர்ந்த பிறகு வரவேண்டும். வாத்தியத்தைத் தாண்டக் கூடாது, சுற்றிக்கொண்டு வரவேண்டும். அவர் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பதால் காலைத் தேட வேண்டியதில்லை, அவருக்கு முன்னாலிருக்கும் தரையைத் தொட்டால் போதும். விரல் நுனியில் வைத்த சிவப்பு ஆல்தா காய்ந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். காயாத விரலோடு மிருதங்கத்தைத் தொட்டு, வெள்ளைத் தோலில் நாலு சிவப்புப் பொட்டு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அண்ணா எதுவும் சொல்லவில்லை, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டார். ஆல்தா காலில் காயாமல் இருந்தால் அதைவிட மோசம், பாதம் வழுக்கும்.

கிட்டே வந்து கும்பிடும்போது எங்களுக்கு என்ன தெரிகிறது என்று கேட்டால், முக்கியமாக மூச்சு. ஒரு பெண் என் முன்னால் குனிந்தபோது சலங்கை தானாகக் கலகலவென்று அடித்துக்கொண்டது, கால் அவ்வளவு நடுங்கியது. பக்கத்திலிருந்த மிருதங்கக்காரர் அவள் நகர்ந்ததும் டீச்சரிடம், "பாப்பா ஓடும் போல இருக்கு. நாம இழுத்துப் பிடிச்சுக்கலாம்" என்றார். பயந்த பிள்ளை காலப்பிரமாணத்தை, அதாவது தாளத்தின் வேகத்தைத் தள்ளிக்கொண்டே போகும். நாங்களும் கூடவே ஓடினால், மூன்றாம் காலத்தில் அவளாலேயே கால் எடுக்க முடியாது. அன்று அலாரிப்பில் டீச்சர் தாளத்தைக் கொஞ்சம் அழுத்திப் போட்டார், மிருதங்கம் சொற்களைக் குறைத்து நேராக வாசித்தது. ஜதிஸ்வரம் வருவதற்குள் அவள் மூச்சு சீராகிவிட்டது. அவள் ஓடிக்கொண்டே கை காட்டிவிட்டுப் போயிருந்தால் எங்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்காது. அவளுக்கும் இதில் பங்கு உண்டு. என் முன்னால் உட்கார்ந்து எழுகிற அந்த நேரத்துக்குள் சுருதி அவள் காதில் ஏறிவிடுகிறது, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறாள், அன்றைக்கு வயலினுக்குப் பதில் புல்லாங்குழல் வந்திருப்பதைத் தெரிந்துகொள்கிறாள்.

இப்போது எங்கள் பக்கத்தில் பாதி நிகழ்ச்சிகளுக்கு மேல் பென்டிரைவ்தான். பாட்டு, மிருதங்கம், நட்டுவாங்கம், புல்லாங்குழல் என்று நாலு பேருக்குச் சம்பளமும் வண்டிச் செலவும் கொடுக்கிற வசதி எல்லாப் பெற்றோருக்கும் இல்லை. அதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, கோபம் இல்லை. பதிவு செய்த பாட்டில் கும்பிடு எப்படிக் கெடுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். மைக்செட்காரத் தம்பி பட்டனை அழுத்திவிட்டால் பாட்டு யாருக்கும் காத்திருக்காது. பிள்ளை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே முதல் சொல் போய்விடும். பதறி எழுவாள், அந்தப் பதற்றம் இரண்டு ஆவர்த்தனத்துக்கு நிற்கும். இதற்குப் பயந்தே சில வகுப்புகளில் மேடைக் கும்பிடை விட்டுவிட்டார்கள்.

பெரம்பூரில் நான் பாடிப் பதிவு செய்து கொடுக்கும் ஒரு டீச்சர் வேறு வழி செய்திருக்கிறார். பாட்டுக்கு முன்னால் வெறும் தம்புரா சுருதி மட்டும் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடும்படி என்னிடம் பதிவு வாங்கிக்கொண்டார், அதைத் தனி ஃபைலாக வைத்திருக்கிறார். அது ஓடும்போது பிள்ளைகள் ஏறி, நாலு மூலையும் தட்டி, நடுவில் கும்பிட்டு, குழு உட்கார வேண்டிய வலது ஓரத்துக்குத் திரும்பி அங்கேயும் தரையைத் தொடுகிறார்கள். பக்கத்தில் ஸ்பீக்கர் மட்டும் இருக்கிறது, ஆனாலும் பாடியவர்கள், வாசித்தவர்கள் பெயரை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். போன ஆடியில் நான் பார்வையாளராகப் போயிருந்தேன். டீச்சர் மைக்செட் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "தம்பி, முதல் ஃபைலு சுருதி. ரெண்டாவது ஃபைலை அவங்க கும்பிட்டு எழுந்து நின்னப்புறம், நான் கையைக் காட்டினாத்தான் போடணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தம்பி ஏற்கெனவே ஒரு சீட்டில் எழுதி ஆம்ப்ளிஃபயர் மேல் ஒட்டி வைத்திருந்தார்.